ஆறு வார டீசர், சலிக்காத கேப்ஷன்: ஓலா ஸ்கூட்டரிலிருந்து ஒரு கிரைண்டர் கடை வரை

2021 ஜூலை தொடக்கத்தில் ஓலா நிறுவனத்தின் பவிஷ் அகர்வால் ட்விட்டரில் ஒரு வீடியோ போட்டார். இன்னும் பெயர்கூட அறிவிக்காத ஒரு மின்சார ஸ்கூட்டரை அவரே ஓட்டிப் போகிறார். கூடவே, இந்த ட்வீட்டைப் படித்து முடிப்பதற்குள் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும் என்ற பொருளில் ஒரு வரி. வண்டி முறைப்படி அறிமுகமானது ஆகஸ்ட் 15 அன்று. இடையில் ஆறு வாரம். பெரும்பாலான டீசர் வரிசைகள் ஒரே வாரத்தில் மூச்சு வாங்கிவிடும். இது எப்படி அத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று பார்த்தால், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரிய தொழிற்சாலை கட்டிய நிறுவனத்துக்கும் இன்ஸ்டாகிராமில் சரக்கு விற்கும் சின்னக் கடைக்கும் பொதுவான கணக்கு ஒன்று கிடைக்கிறது.

அந்த ஆறு வாரத்தில் வந்தவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் வேகம். ஜூலை 15 அன்று 499 ரூபாய் கட்டி முன்பதிவு செய்யலாம், வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற அறிவிப்பு. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்ததாக நிறுவனம் சொன்னது. அதற்கடுத்த வாரம், வண்டி 10 நிறங்களில் வரும் என்ற செய்தியோடு உங்களுக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அறிமுகத் தேதி. அதன்பின் வண்டி பின்னோக்கிப் போகும் வீடியோ, அதாவது ரிவர்ஸ் வசதி. விலை மட்டும் கடைசி வரை வெளிவரவில்லை. 99,999 ரூபாய் என்ற எண் ஆகஸ்ட் 15 அன்றுதான் தெரிந்தது.

இந்தப் பட்டியலில் ‘இன்னும் 20 நாள்’, ‘இன்னும் 19 நாள்’ என்று எண்ணிக்கையே செய்தியான பதிவுகள் முதுகெலும்பாக இல்லை. ஒவ்வொரு பதிவைப் பார்த்தவருக்கும் நேற்றுவரை தெரியாத ஒன்று தெரிந்தது. ஃபாலோயர் சலிப்பது பதிவுகளின் எண்ணிக்கையால் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. இரண்டு பதிவுக்கும் ஒரே செய்தி என்று தெரிந்த கணத்தில்தான் சலிப்பு தொடங்குகிறது. ‘ஏதோ பெரிசா வருது, காத்திருங்க’ என்பதை மூன்று விதமாகச் சொன்னாலும் படிப்பவருக்கு அது ஒரே பதிவுதான்.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. 499 ரூபாய் கட்டியவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். அவர்களை உசுப்பேற்ற அதற்குமேல் பொதுப் பக்கத்தில் கூவத் தேவையில்லை, தனியாகச் செய்தி அனுப்பினால் போதும். ஆர்வம் உள்ளவருக்கு வரிசையின் நடுவிலேயே ஒரு வாசல் திறந்துவிட்டால், மற்றவர்களின் காது தப்பிக்கிறது.

ஆனால் ஓலாவைப் பார்த்து ஆறு வாரத் திட்டம் போடுவது சின்னக் கடைக்குத் தற்கொலை. பவிஷின் ஒவ்வொரு ட்வீட்டையும் நாளிதழ்களும் யூடியூபர்களும் செய்தியாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் புதுப்புதுக் கூட்டம் பார்த்தது. 6,000 ஃபாலோயர் உள்ள கடைக்கு அந்த ஒலிபெருக்கி கிடையாது. அதே ஆட்கள்தான் எல்லாப் பதிவையும் பார்க்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு 10 முதல் 14 நாள் தாராளம்.

இதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கென ஒரு லிட்டர் சின்னக் கிரைண்டர் கொண்டுவருகிறார்கள். அறிமுகம் 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 10 மணி. வழக்கமாக வாரம் நான்கு பதிவு போடுகிறார்கள்: மாவு புளிக்க வைக்கும் பக்குவம், கல்லைக் கழுவும் விதம், உளுந்து எத்தனை நேரம் ஊறணும் என்கிற வகை. ஆட்கள் அந்தப் பக்கத்தைத் தொடர்வது அதற்காகத்தான்.

கேப்ஷன் எழுத உட்காருமுன் செய்ய வேண்டியது, பொருளைப் பற்றிச் சொல்ல என்னென்ன உண்மை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. இந்தக் கிரைண்டருக்கு எட்டு கிடைக்கிறது: ஒரு லிட்டர் கொள்ளளவு, 11 அங்குல உயரம், பாத்திரத்தைக் கல்லோடு ஒற்றைக் கையால் தூக்கலாம் என்பது, குறைந்த சத்தம், மூன்று நிறம், வாரண்டி, முழுத் தோற்றம், விலை. கடைசி மூன்றையும் அறிமுக நாளுக்கு ஒதுக்கிவிட வேண்டும். விலையும் முழுப் படமும் முன்னாலேயே வெளியானால் வெள்ளிக்கிழமைக்கு எதுவும் மிஞ்சாது. வாரண்டி வாங்கும் நேரத்தில் முக்கியம், ஆனால் டீசராக அது யாரையும் நிறுத்தாது. மீதி ஐந்து. அதில் ஒற்றைக் கையால் தூக்குவதைக் காட்டினால் பாத்திரத்தின் முழு வடிவமும் தெரிந்துவிடும், அதுவும் வெள்ளிக்குப் போகட்டும். ஆக டீசருக்கு நான்கு உண்மை. எப்போது, எப்படி வாங்குவது என்பதற்கு ஒன்று. மொத்தம் ஐந்து பதிவு, அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதுதான் வழக்கம். முதலில் ‘10 நாள் கவுண்ட்டவுன்’ என்று முடிவு செய்கிறார்கள், பிறகு 10 பெட்டியை நிரப்பச் செய்தி தேடுகிறார்கள். ஆறாம் நாளுக்குமேல் துணி மூடிய டப்பா படமும் மூன்று கண் எமோஜியும் வருவது அதனால்தான்.

நாட்கள் இப்படி அமைகின்றன. 11 திங்கள், 14 வியாழன், 17 ஞாயிறு, 20 புதன், 21 வியாழன் மாலை. நடுவில் வழக்கமான மாவுப் பதிவுகள் நான்கு. வழக்கமாக 12 நாளில் ஏழு பதிவு பார்ப்பவர் இப்போது அறிமுகப் பதிவைச் சேர்க்காமல் ஒன்பது பார்க்கிறார். இந்த அளவு கூடுதல் யாருக்கும் உறுத்தாது. கடைசி இரண்டைத் தவிர டீசர்கள் அடுத்தடுத்து வரக் கூடாது.

முதல் கேப்ஷன்:

“ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு ரெண்டு லிட்டர் கிரைண்டர்? பதில் வெள்ளி, 22ஆம் தேதி.”

அவ்வளவுதான். படத்தில் ஒரு பெரிய கிரைண்டரின் அடியில் ஒட்டிக்கிடக்கும் கொஞ்சம் மாவு. கொள்ளளவு சிறிசு என்பதைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. வருவது கிரைண்டர் என்பதையே மறைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். கிரைண்டர் கடை வேறென்ன கொண்டுவரும்? வகையை மறைப்பதில் பலனில்லை. எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறது என்று சொன்னால்தான் அந்தச் சிக்கல் உள்ளவர் நிற்பார்.

இதோடு ‘ஒரு புரட்சி வருகிறது! தவறவிடாதீர்கள்!’ என்ற வகையை ஒப்பிடுங்கள். எளிய சோதனை ஒன்று உண்டு. கேப்ஷனிலிருந்து படத்தையும் கடைப் பெயரையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். நகைக்கடையோ, நீட் பயிற்சி மையமோ அதே வரியைப் போட முடியும் என்றால் அதை அடித்துவிடலாம். எதிர்பார்ப்பை அளவுக்குமேல் ஏற்றுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் செக்வே வண்டி 2001 டிசம்பரில் வெளியாவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே அதன் மர்மம் கசிந்து, உலகத்தையே மாற்றும் ஏதோவொன்று என்று பேச்சு பெருகியது. திரை விலகியபோது நின்றது இரண்டு சக்கர வண்டி. பொருள் நன்றாக இருந்தும் ‘இவ்வளவுதானா’ என்ற கேள்வியோடுதான் அது பிறந்தது.

இரண்டாம் பதிவு, 14ஆம் தேதி. படத்தில் அடுப்படி மேடைக்கும் மேல் ஷெல்ஃபுக்கும் நடுவில் நிற்கும் ஓர் அளவுகோல் மட்டும்.

“உயரம் 11 அங்குலம். ஷெல்ஃபுக்கு அடியிலேயே நிக்கும். உங்க மேடையில எத்தனை அங்குல இடம் இருக்கு?”

கடைசிக் கேள்வி சும்மா கமெண்ட் வாங்குவதற்கு இல்லை. டேப்பை எடுத்து அளந்து பார்த்தவர் வாங்குவதற்கு ஒரு படி ஏறிவிட்டார். பதிலாக வரும் எண்களும் கடைக்குப் பயன்படும். பத்து பேர் 10 அங்குலம் என்றால், அறிமுக நாளில் ‘10 அங்குல மேடைக்கு இது நிற்காது’ என்று நேராக எழுதிவிடலாம். திரும்பி வரும் பொட்டலங்கள் குறையும்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. “மூணு நிறத்துல வருது. ஒண்ணு சிவப்பு. மத்த ரெண்டும் என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.” இது இலகுவான பதிவு, ஞாயிற்றுக்கு ஏற்றது. நிறத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட நிலையில் ‘எந்த நிறம் வேணும், நீங்களே தேர்ந்தெடுங்க’ என்று மட்டும் கேட்கக் கூடாது. பாதிப் பேர் பச்சை என்று சொல்லி, வெள்ளிக்கிழமை பச்சை இல்லாமல் போனால் அந்தக் கோபத்துக்குக் காரணம் கேப்ஷன்தான். ஊகிக்கச் சொல்வது வேறு, வாக்குக் கேட்பது வேறு.

நான்காவதில்தான் சிக்கல் இருக்கிறது, ஏனென்றால் சொல்ல வேண்டியது சத்தம். ரீல் போட்டால் போதும் என்று தோன்றும். பேருந்திலும் ஆபீஸிலும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பலர் பார்க்கிறார்கள். ஒலி இல்லாமலும் செய்தி போய்ச் சேரும்படி கேப்ஷன் அமைய வேண்டும்:

“இந்த வீடியோ முழுக்க கிரைண்டர் ஓடிட்டுத்தான் இருக்கு. அம்மா போன்ல பேசுறது கேக்குதா?”

இதைப் படித்தவர் தானே ஒலியைத் திறப்பார். படப்பிடிப்பில் ஏமாற்று வேண்டாம். போனை எங்கே வைத்தீர்கள், உள்ளே அரிசி இருந்ததா காலியாக ஓடியதா என்று கமெண்டில் கேட்கத்தான் போகிறார்கள். கேப்ஷனின் இரண்டாம் பத்தியில் ‘போன் மூன்றடி தூரத்தில், உள்ளே ஊறின அரிசி’ என்று முன்னதாகவே எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது.

இந்தக் கேப்ஷன்களில் ஏன் இத்தனை சிக்கனம் என்றால், இன்ஸ்டாகிராமின் பொதுவோட்டத்தில் முதல் இரண்டு வரி அளவுதான் தெரிகிறது. மீதியைப் பார்க்க ‘மேலும்’ என்பதைத் தொட வேண்டும். 125 எழுத்து என்று ஆங்கிலத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். தமிழுக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது. ‘கு’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ‘க’வும் உகரக் குறியுமாக இரண்டு. சொற்களும் நீளம். நடைமுறையில் 10 முதல் 12 சொல்லுக்குள் செய்தி முடிந்துவிட வேண்டும். ‘அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கினால் கால்வாசி இடம் அங்கேயே போயிற்று.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். கவுண்ட்டவுன் என்று பெயர் வைத்துவிட்டு ‘இன்னும் 5 நாள்’ என்ற வரியே இல்லையே என்றால், அது இருக்க வேண்டிய இடம் வேறு. பதிவுகள் போட்ட வரிசையில் எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை. 17ஆம் தேதி போட்டதை ஒருவர் 19ஆம் தேதி பார்ப்பார். ‘இன்னும் 5 நாள்’ என்பதை அன்று படித்தால் அறிமுகம் 24ஆம் தேதி என்று கணக்குப் போடுவார். இன்னொருவருக்கு 20ஆம் தேதியின் ‘2 நாள்’ முதலில் கண்ணில் பட்டு, 17ஆம் தேதியின் ‘5 நாள்’ அதற்குப் பிறகு வரலாம். எண்கள் முன்னும் பின்னும் குதித்தால், கடை நச்சரிக்கிறது என்ற எண்ணம்தான் மிஞ்சும். அதனால் பதிவுக் கேப்ஷனில் எப்போதும் கிழமையும் தேதியும் மட்டும். ‘நாளை’, ‘இன்று மாலை’ கூட வேண்டாம்.

நாள் எண்ணிக்கை ஸ்டோரிக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் உரியது. இரண்டும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், தப்பான நாளில் யார் கண்ணிலும் படாது. ஸ்டோரியில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கரும் இருக்கிறது. அதைத் தொட்டு நினைவூட்டல் கேட்டவருக்கு நேரம் முடிந்ததும் அறிவிப்பு போகும். அந்த ஸ்டிக்கரை ஒரு முறை 15ஆம் தேதியும், ஒரு முறை 20ஆம் தேதியும் வைத்தால் போதும். தினமும் வைத்தால் ஸ்டோரி வரிசையையே தள்ளிவிட்டுப் போகப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கம் அறிமுக நாள் ஸ்டோரியையும் விழுங்கும்.

தேதியைப் படத்துக்குள் எழுத வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்தது. கேப்ஷனைப் பதிவேற்றிய பிறகும் திருத்தலாம். படத்தில் பொறித்த ‘22’ஐ மாற்ற வழியில்லை, பதிவையே நீக்க வேண்டும், கமெண்டுகளும் அதோடு போய்விடும். சரக்கு லாரி இரண்டு நாள் தாமதமாவது நம்மூரில் அதிசயமா என்ன? உண்மையில் முதல் லாட் குடோனுக்கு வந்து, பத்துப் பெட்டியையாவது பிரித்து ஓட்டிப் பார்த்தபிறகே முதல் டீசரைப் போடுவது நல்லது.

ஓலா திறந்த 499 ரூபாய் வாசலுக்கு இந்தக் கடையில் ஈடு, வாட்ஸ்அப் பட்டியல். இரண்டாம் பதிவின் அடியில் ஒரு வரி: “முதல்ல தெரிஞ்சுக்கணுமா? எங்க நம்பரை சேவ் பண்ணிட்டு ‘மாவு’ன்னு ஒரு மெசேஜ் போடுங்க.” ‘சேவ் பண்ணிட்டு’ என்ற சொல் விட்டுப்போனால் ஏற்பாடே வீண். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, அனுப்புபவரின் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதற்குமேல் போனால் இரண்டாவது பட்டியல். இப்படி வந்தவர்களுக்கு மொத்தமே இரண்டு செய்தி: 21 மாலை ஒன்று, 22 காலை ஒன்பதரைக்கு இணைப்போடு ஒன்று. தினமும் காலை வணக்கம் அனுப்பத் தொடங்கினால் எண்ணை பிளாக் செய்துவிடுவார்கள்.

சலிப்பு வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? லைக்கை நம்ப முடியாது, நண்பர்கள் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். தொடங்குமுன் கடைசி எட்டு வழக்கமான பதிவுகளின் ரீச், பகிர்வு, சேமிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நடுவான அளவை எடுத்து வையுங்கள். வழக்கமாக ஒரு நாளில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். எந்தப் பக்கத்திலும் தினம் சிலர் விலகத்தான் செய்வார்கள். ஒரு டீசரின் பகிர்வு அந்த நடு அளவில் பாதிக்குக் கீழே போய், அன்று விலகியவர்களும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கானால் அடுத்த டீசரை எடுத்துவிடலாம். இது கைக்கணக்குதான். ரீச் மட்டும் விழுந்தால் அவசரப்பட வேண்டாம், அன்று கிரிக்கெட் மேட்ச் இருந்திருக்கலாம்.

எண்ணுக்கு முன்பே கமெண்ட் சொல்லிவிடும். ‘விலை என்னங்க?’, ‘மதுரைக்கு அனுப்புவீங்களா?’ என்று கேட்கும்வரை நலம். ‘அப்படி என்னதான்யா இருக்கு’, ‘சீக்கிரம் சொல்லித் தொலைங்க’ என்று கேலி தலைகாட்டினால், பொருளைப் பற்றிய பேச்சு போய்க் கடையைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. அப்போது கேலிக்குப் பதில் கேலி செய்யாமல், அடுத்த உண்மையை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிடுவதே மருந்து. ‘விலை என்னங்க’ என்பவருக்கு ‘டிஎம் பண்ணுங்க’ என்று பதில் போடுவது கெட்ட பழக்கம். ‘விலை வெள்ளி காலை 10 மணிக்கு, இதே பக்கத்தில்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். கீழே படிக்கும் இன்னும் நூறு பேருக்கும் அதுவே பதில்.

ஐந்தாவது கேப்ஷனில் கவர்ச்சி தேவையில்லை, அங்கே வேண்டியது தகவல்: “வெள்ளி 22, காலை 10 மணி. முகப்புப் பக்கத்து லிங்க்ல ஆர்டர். முதல் லாட் 60 கிரைண்டர்.” 60 என்பது உண்மையாக இருக்க வேண்டும். பத்தரைக்கு ‘தீர்ந்துவிட்டது’ என்று போட்டுவிட்டு மாலையில் ‘மீண்டும் வந்துவிட்டது’ என்றால், அடுத்த முறை உங்கள் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓலாவுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் இடறியது. விற்பனை தொடங்கவேண்டிய செப்டம்பர் 8 அன்று இணையதளம் சரியாக வேலை செய்யவில்லை. பவிஷ் மன்னிப்புக் கேட்டு ஒரு வாரம் தள்ளி, 15ஆம் தேதிக்கு மாற்றினார். வண்டிகள் கைக்கு வரத் தொடங்கியது டிசம்பர் நடுவில். ஆறு வாரம் கூட்டம் சேர்த்த கேப்ஷன்களால் அந்த ஒரு வாரத்துக்கு எதுவும் செய்ய முடியவில்லை. கிரைண்டர் கடையில் இதற்கு 21ஆம் தேதி மதியமே ஓர் ஒத்திகை வேண்டும். கடைக்காரர் போனில் திறந்து பார்ப்பது போதாது, அதில் லாகின் ஏற்கெனவே இருக்கும். அந்தப் பக்கத்தை இதுவரை திறக்காத ஒருவரின் பழைய ஆண்ட்ராய்டு போனில், வைஃபை இல்லாமல், இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தே லிங்கைத் தொட்டு, யுபிஐயில் பணம் கட்டி ரசீது வரும்வரை போய்ப் பார்க்க வேண்டும். ஆப்புக்குள் திறக்கும் உலாவியில் யுபிஐ செயலிக்குத் தாவாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடப்பது. நின்றால் கேப்ஷனிலேயே ‘லிங்கை குரோமில் திறங்கள்’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

வெள்ளி காலை 10 மணிப் பதிவில் முழுப் படம், விலை, தூக்கிக் காட்டும் வீடியோ, வாரண்டி எல்லாம் வந்துவிடும். அதை முகப்பில் பின் செய்துவிட்டு, பழைய ஐந்து கேப்ஷன்களின் முதல் வரியையும் ‘இப்போது கிடைக்கிறது’ என்று திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிறப் பதிவைத் திங்கட்கிழமை பார்ப்பவரும் இருப்பார். அதன்பின் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கத்தில் மாவும் உளுந்தும் மட்டும். கிரைண்டர் பற்றிய அடுத்த பதிவு, வாங்கியவர் ஒருவர் வீட்டில் அரைத்த முதல் மாவு வந்தபிறகு.